இரண்டாம் படியில் ஒரு கொடி

எனக்குப் படம் வரைய வராது. இத்தனை வருட ஆசிரியப் பிழைப்பில் கரும்பலகையில் நான் வரைந்த ஒரே உருப்படியான படம், மூன்று படிகளும் அவற்றில் ஒன்றின்மேல் ஒரு சின்னக் கொடியும்தான். அந்தப் படத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. உண்டு என்ன, இருந்தது.

திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்குப்பதிவியல் எடுக்கிறேன். அந்தப் பாடத்தில் நிறுமக் கணக்குகள் என்று ஓர் அலகு வரும். பிள்ளைகளைப் பாதி தூரத்திலேயே உட்கார வைத்துவிடுகிற அலகு அது. விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு நிறுமம், அதாவது கம்பெனி, பத்து ரூபாய்ப் பங்கைப் பன்னிரண்டு ரூபாய்க்கு விற்கிறது. அதில் பத்து ரூபாய் பங்கு முதல், அதாவது கம்பெனியின் மூலதனம். மேற்கொண்டு வாங்கும் இரண்டு ரூபாய்க்கு முனைமம் என்று பெயர். பிரீமியம் என்றால் எல்லோருக்கும் புரியும். அதைப் பங்கு முதலோடு கலக்கக் கூடாது. பத்திர முனைமக் கணக்கு என்று தனியாக ஒரு கணக்கில் வைக்க வேண்டும்.

பன்னிரண்டு ரூபாயும் ஒரே நாளில் வந்துவிட்டால் வம்பில்லை. வராது. பங்கு வேண்டும் என்று விண்ணப்பிக்கும்போது கொஞ்சம், உங்களுக்குத்தான் பங்கு என்று ஒதுக்கீடு செய்த பிறகு கொஞ்சம், மிச்சத்தை நிறுமம் அழைப்பு விடுக்கும்போது என்று தவணை தவணையாக வரும். பணம் வந்ததற்கு ஒன்று, அதை உரிய கணக்குக்கு மாற்ற ஒன்று என்று ஒவ்வொரு தவணைக்கும் இரண்டிரண்டு பதிவுகள் எழுத வேண்டும். இதில் எந்தத் தவணையில் அந்த இரண்டு ரூபாய் முனைமம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள்.

அதற்காகத்தான் படிகளை வரைந்தேன். முதல் படி விண்ணப்பம், இரண்டாம் படி ஒதுக்கீடு, மூன்றாம் படி அழைப்பு. "பழனி மலை ஏறுறோம்ல, அது மாதிரி பணமும் படி படியாத்தான் ஏறும்" என்பேன். எந்தப் படியில் முனைமம் வருகிறதோ அந்தப் படியில் ஒரு கொடி. கொடி நட்ட படியில் மட்டும் தொகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை முதலுக்கும் இன்னொரு பகுதியை முனைமத்துக்கும் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

இதுவரைக்கும் பழுதில்லை. பழுது அடுத்ததில்தான் இருக்கிறது.

எங்கள் பள்ளிகளில் மினிமம் மெட்டீரியல் என்று ஒன்று புழங்கும். மெல்லக் கற்கும் பிள்ளைகள் தேர்ச்சி மதிப்பெண்ணையாவது தொடட்டும் என்று, தவறாமல் வருகிற கணக்குகளை மட்டும் பொறுக்கி, உப்புப் புளி குறைத்து நாலைந்து தாளில் சுருக்கிக் கொடுப்பது. அந்த வருடம் என் வகுப்பில் அப்படிப் பதினோரு பேர். அவர்களுக்காக நான் எழுதிய தாளில் படிகளும் கொடியும் வந்தன. பாடத்தில் ஒரு வழக்கம் உண்டு: முனைமம் எப்போது வருகிறது என்று கேள்வியில் சொல்லாவிட்டால், அது ஒதுக்கீட்டோடு வருவதாக எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கேள்விகளில் சொன்னாலும் அது ஒதுக்கீடாகத்தான் இருக்கும். பழைய வினாத்தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். நான் பார்த்தவற்றில் எல்லாம் ஒதுக்கீடுதான். "கேள்வியில் சொல்லாவிட்டால்" என்று எழுதினால் இந்தப் பிள்ளைகள் குழம்பும் என்று அந்த நிபந்தனையை வெட்டிவிட்டேன். கொடியை இரண்டாம் படியிலேயே நிரந்தரமாக நட்டு, கீழே கொட்டை எழுத்தில் எழுதினேன்: "முனைமமா? இரண்டாம் படியில் கொடி. கண்ணை மூடிக்கொண்டு நடு."

கண்ணை மூடிக்கொண்டு என்று எழுதினேன். கணக்குப் பாடம் எடுக்கிறவள்.

தாள் நன்றாகவே வேலை செய்தது. பதினோரு பேரில் ஒருத்தி, பதிவு எழுதச் சொன்னாலே பேனாவைக் கடிக்கிறவள், அரையாண்டில் அந்தக் கணக்கை முழுதாகப் போட்டாள். அவளுக்கு வேடசந்தூர்ப் பக்கம் வீடு. அம்மா நூற்பாலையில் வேலை பார்க்கிறவர். வீட்டில் பேச்சு கறாராக முடிந்திருந்தது: பாஸானால் காலேஜ், இல்லையென்றால் அம்மா போகும் வேனிலேயே மகளும் மில்லுக்கு. இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் எனக்கு அவள்மேல் ஒரு கண் இருந்தது.

தாளைப் படம் பிடித்துப் பாட ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். இரண்டு வாரத்தில் அது ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இன்னொரு குழுவின் வழியாக எனக்கே திரும்பி வந்தது, மேலே இருந்த என் பெயரும் பள்ளியின் பெயரும் கச்சிதமாக வெட்டப்பட்டு. எனக்கு வந்ததே கோபம். "உழைத்தவர் பெயரை வெட்டுவது எந்த ஊர் நியாயம்?" என்று குழுவில் நீளமாக எழுதினேன். நாலு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். வெட்டியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஒரு வாரம் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். வீட்டுக்காரர், "பேரு இல்லாட்டி என்ன, நாலு புள்ளைக்கு ஒதவுதுல்ல" என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பொதுத் தேர்வு அன்று எனக்கு வேறு பள்ளியில் மேற்பார்வை. முடித்துவிட்டுப் பள்ளிக்கு வந்தபோது, பிள்ளைகள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். வேடசந்தூர்ப் பிள்ளை ஓடி வந்தாள்.

"டீச்சர், கொடி நட்டுட்டேன்!"

"ரெண்டாம் படியிலயா?"

"ஆமா டீச்சர். அம்புட்டுப் பதிவும் எழுதிட்டேன்."

"சபாஷ்டி!" என்று அவள் முதுகில் தட்டினேன். வினாத்தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இருபதாயிரம் பங்குகள், பத்து ரூபாய் வீதம், முனைமம் இரண்டு ரூபாய், விண்ணப்பத்தில் ஐந்து, ஒதுக்கீட்டில் நான்கு, அழைப்பில் மூன்று. கூட்டினால் பன்னிரண்டு. சரிதான், நம்ம கணக்கு வந்துவிட்டது என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஐந்து ரூபாய்க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு சொற்கள் இருந்தன. அதை நான் படிக்கவில்லை.

விடைத்தாள் திருத்தும் முகாம் ஏப்ரலில், ஊருக்குள் இன்னொரு பள்ளியில் நடந்தது. எங்கள் மாவட்டத்துத் தாள் எங்களுக்கு வராது. பெயரோ பதிவு எண்ணோ இல்லாமல் வேறு ஏதோ மாவட்டத்துத் தாள்கள் கட்டுக் கட்டாக வரும். எங்கள் பிள்ளைகளின் தாள் எந்த ஊரில் யாருடைய சிவப்பு மைக்குக் காத்திருக்கிறதோ, அது யாருக்கும் தெரியாது. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஓர் அறைக்கு எங்களைப் போல ஏழெட்டுத் தேர்வாளர்கள், மேலே ஒரு முதன்மைத் தேர்வாளர். எங்கள் அறைக்கு வந்தவர் தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர். மெதுவாகப் பேசி, மெதுவாக எழுதி, எதையும் இரண்டு தடவை படிக்கிற மனிதர். காலையில் விடைக்குறிப்பின் நகலைக் கையில் கொடுத்து, "ஒருக்கா முழுசாப் படிச்சிருங்க டீச்சர்" என்றார். முதல் பகுதி மட்டும் படித்தேன். ஐந்து மதிப்பெண் கணக்குக்கெல்லாம் எனக்கு எதற்கு விடைக்குறிப்பு?

எனக்குப் பக்கத்து மேசையில் தாடிக்கொம்புக்காரர் ஒருவர். வாய் ஓயாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மின்விசிறி இல்லாதது தெரியாது. முதல் கட்டில் மூன்றாவது தாளைத் திருத்திக்கொண்டிருந்தவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"டீச்சர், இங்கன பாருங்க. பரீட்சைப் பேப்பர்ல ஒருத்தன் படிக்கட்டு கட்டி கொடி நட்டுருக்கான்."

எட்டிப் பார்த்தேன். என் படிகள். என் கொடி. கொடியின் கம்பத்தைக் கொஞ்சம் சாய்த்து வரைவேன், நிமிர்த்தி வரைய வராததால். அந்தச் சாய்வுகூட அப்படியே இருந்தது. முன்பின் அறியாத ஊரில் முகம் தெரியாத ஒரு பிள்ளை என் கைக்கோணலைக்கூடப் பத்திரமாகக் கொண்டுபோய்த் தேர்வில் வைத்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம்தான். அது என்னோட மெட்டீரியல் சார் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

"ஆனா பாவம், தப்பான படியில நட்டுட்டான்" என்றார் அவர்.

வாயை மூடிக்கொண்டேன். விடைக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பிறகு வினாத்தாளை. "விண்ணப்பத்தில் ரூ. 5 (முனைமம் உட்பட)." அந்த இரண்டு சொற்கள்.

கேள்வி நேரடியாகச் சொல்லியிருந்தது. விண்ணப்பத்தில் வந்த ஒரு லட்சத்தில் அறுபதாயிரம்தான் பங்கு முதல், நாற்பதாயிரம் முனைமம். ஒதுக்கீட்டில் வரும் எண்பதாயிரமும் முழுக்க முதல். என் கொடியை நம்பிய பிள்ளை விண்ணப்பத்தின் ஒரு லட்சத்தையும் பங்கு முதலில் போட்டுவிட்டு, ஒதுக்கீட்டு எண்பதாயிரத்தை நாற்பது நாற்பதாகப் பிரித்திருந்தது. இதில் பெரிய கொடுமை என்னவென்றால், கடைசியில் கூட்டினால் எல்லாம் சரியாக வந்துவிடும். முதல் இரண்டு லட்சம், முனைமம் நாற்பதாயிரம், வங்கியில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். சரிபார்க்கிற பிள்ளைக்கும் தப்பு தெரியாது.

கூட்டல் சரியாக வந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. விண்ணப்பத் தொகை கட்டிய ஒருவர் ஒதுக்கீட்டுத் தொகையைக் கட்டாமல் போய், அவருடைய பங்குகளை நிறுமம் பறித்துக்கொள்கிறது என்று வையுங்கள். முனைமம் விண்ணப்பத்திலேயே கைக்கு வந்திருந்தால் அதைத் தொடக்கூடாது. அது அந்தக் கணக்கிலேயே இருக்கும். வராமல் இருந்தால் மட்டும்தான் அதை நீக்கி எழுத வேண்டும். என் கொடியின்படி போனால், பெட்டிக்குள் இருக்கிற பணத்தை வரவே இல்லை என்று எழுதுகிற நிலை வரும். எந்தப் படியில் வந்தது என்பதுதான் அந்தக் கணக்கின் உயிர். அந்த உயிரைத்தான் நான் மெனக்கெட்டுச் சுருக்கியிருந்தேன்.

என் கட்டில் பன்னிரண்டு தாள்கள். கேள்வியை எடுத்தவர்களில் ஏழு பேர் கொடி நட்டிருந்தார்கள். ஏழும் இரண்டாம் படியில். மற்ற மேசைகளிலிருந்தும் சிரிப்பு கேட்க ஆரம்பித்தது. "இங்கயும் ஒரு கொடி!" "எனக்கு நாலு!" தாடிக்கொம்புக்காரர், "எந்த மகராசன் சொல்லிக் குடுத்தானோ, ஒரு மாவட்டத்தையே சாச்சுட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போதும் அந்தச் சிரிப்பு என் காதில் விழுகிறது. மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

அப்போது எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்லவேளை, பெயரை வெட்டிவிட்டார்கள் என்று தோன்றியது. வெட்டியவர் யாராக இருந்தாலும் புண்ணியவான்.

பத்தாவது தாளில்தான் நெஞ்சு குறுகுறுக்கத் தொடங்கியது. குண்டு குண்டான கையெழுத்து. ஒரு மதிப்பெண் கேள்விகளில் பாதி தப்பு. கூட்டாண்மைக் கணக்கில் பாதியோடு விட்டிருந்தது. இந்தக் கணக்கை மட்டும் அடிக்கோடு போட்டு, பத்தி பிரித்து, ஆறு பதிவுகளையும் எழுதியிருந்தது. விடைக்குறிப்பின்படி விண்ணப்பத்தை மாற்றும் பதிவுக்கு ஒன்றரை, ஒதுக்கீட்டுப் பதிவுக்கு ஒன்று, இரண்டும் போயிற்று. மீதி நான்கு பதிவுகளுக்கு இரண்டரை. மொத்தம் கூட்டினேன். இருபத்து மூன்றரை. அரையை ஏற்றினால் இருபத்து நான்கு. எழுத்துத் தேர்வில் இருபத்தைந்து இருந்தால்தான் தேர்ச்சி.

வேப்பமரத்தடியில் ஓடி வந்தவள் ஞாபகத்துக்கு வந்தாள். அவளும் இதைத்தான் எழுதியிருக்கிறாள், இதே கொடியை, இதே படியில். நான் முதுகில் தட்டிக் கொடுத்தேன். இப்போது ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே அதில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

தேநீர் வந்தபோது முதன்மைத் தேர்வாளரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோனேன்.

"சார், இதுல தப்பு ஒண்ணுதான். முனைமத்தை முதல் பதிவுல விட்டுட்டாங்க. அதனால ஒதுக்கீட்டுல வந்துருச்சு. ஒரு தப்புக்கு ரெண்டு எடத்துல வெட்டுறோம். ஒதுக்கீட்டுப் பதிவுக்கு ஒரு மார்க் குடுக்கலாம்ல?"

அவர் தாளை இரண்டு தடவை படித்தார்.

"நாயமாத்தானுங்க இருக்குது. ஆனா விடைக்குறிப்புல இல்லீங்களே. நம்ம ரூமுக்கு மட்டும் நானாக் குடுத்தா நாளைக்கு என்னையக் கேப்பாங்க."

"மேல எழுதிக் கேளுங்க சார்."

"என்னன்னு எழுதறதுங்க? பசங்க கேள்வியச் சரியாப் படிக்கலைன்னா, அது பசங்க தப்புன்னு சொல்லிப்போடுவாங்க. சரீங்க, இத்தன பேரு ஒண்ணாட்ட எப்படீங்க தப்புப் பண்ணுவாங்க? எங்கியோ ஒரு எடத்துல படிச்சிருக்கோணும். அது என்னன்னு தெரிஞ்சா, இது சொல்லிக்குடுத்ததுல வந்த பிழைன்னு எழுதலாமுங்க. ஆரு குடுத்ததுன்னு தெரியலீங்களே."

எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். பேசாமல் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். தேநீர் ஆறிப்போயிற்று. இருபத்திரண்டு வருடப் பணி. முகாமில் வினாவுக்கு வினா சந்தேகம் கேட்டு என்னிடம் வருவார்கள். நூறு சதவீதத் தேர்ச்சிக்காக மேடையில் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். எழுந்து சொன்னால் இன்று சாயந்திரமே எல்லாக் குழுக்களிலும் பரவிவிடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியாது. குண்டுக் கையெழுத்துப் பிள்ளை இருபத்து நாலோடு போகும். மில்லு வேன் காலையில் வந்து நிற்கும். எய்தவள் நிழலில் உட்கார்ந்திருக்க, அம்பை ஒடித்துக்கொண்டிருந்தோம்.

பத்து நிமிடம் இருக்கும். எழுந்து போனேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். பதற்றத்தில் வாய் வகுப்பில் பேசுகிற சத்தத்தில் பேசிவிட்டது.

"சார், அந்தக் கொடி என்னோடது."

விடைத்தாளில் கைவைக்காமல், என் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து அவர் முன்னால் மூன்று படிகளை வரைந்தேன். கொடியை வரைந்தேன். கம்பம் சாய்ந்தது. கீழே அந்த வாசகத்தையும் எழுதினேன், கண்ணை மூடிக்கொண்டு என்பது உட்பட. "நிபந்தனையை நான்தான் வெட்டுனேன். புள்ளைங்க மேல தப்பில்லை. என் பேரு போட்டே எழுதுங்க சார்."

நான் வரைந்ததையும் விடைத்தாளையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். முடிகிற மட்டும் நின்றுகொண்டே இருந்தேன். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். "இந்தக் கட்ட மட்டும் நாளைக்கு ஒப்படைச்சுக்கலாமுங்க" என்றார்.

மேசைக்கு வந்ததும் தாடிக்கொம்புக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. அவர்தான் பேசினார்.

"டீச்சர், நான் வெளையாட்டுக்குச் சொன்னேன். மனசுல வச்சுக்காதீக."

"நீங்க சொன்னது சரிதான் சார். மாவட்டத்தைச் சாச்சுட்டேன்."

"அட விடுங்க டீச்சர்" என்றவர், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எம் புள்ளைகளுக்கும் அந்தத் தாளைத்தான் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தேன். படத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுச்சு. அதான் யாரும் கேக்கறதுக்கு முந்தி நானே சிரிச்சுட்டேன்."



மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. விண்ணப்பப் பதிவுக்கு மதிப்பெண் கிடையாது. முனைமத்தை ஒதுக்கீட்டில் காட்டி, தொகைகள் அதற்குப் பொருந்தி வந்தால் ஒதுக்கீட்டுப் பதிவுக்கு ஒரு மதிப்பெண் தரலாம். மற்ற முகாம்களுக்கும் இது போகுமா என்று கேட்டேன். "போகோணுமுங்க" என்றார் முதன்மைத் தேர்வாளர். போகிறது என்று சொல்லவில்லை. அதற்குள் திருத்தி முடித்த கட்டுகள் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை; அவருக்கும் தெரிந்திருக்காது.

குண்டுக் கையெழுத்துத் தாளை எடுத்தேன். ஒதுக்கீட்டுப் பதிவுக்குப் பக்கத்தில் ஒன்று போட்டேன். இருபத்து நாலரை. ஏற்றினால் இருபத்தைந்து. எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் வைத்தேன். முதன்மைத் தேர்வாளர் பச்சை மையில் ஒப்பமிட்டார். அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

அன்று சாயந்திரம் தாளைத் திருத்தி எழுதினேன். கொடி இப்போது எந்தப் படியிலும் இல்லை. படிகளுக்கு வெளியே கீழே கிடக்கிறது. "கேள்வியைப் படி. அது சொல்லும் படியில் நடு. சொல்லாவிட்டால் மட்டும் இரண்டாம் படி." முந்தைய தாளில் பிழை இருந்தது, பிழை என்னுடையது என்று என் பெயரோடு எழுதிக் குழுவில் போட்டேன். பாராட்டு வந்தது, கேலியும் வந்தது. ஒரு மாதத்தில் அந்தத் தாளும் என்னிடம் திரும்பி வந்தது. இந்த முறையும் பெயரை வெட்டியிருந்தார்கள். பிழை என்னுடையது என்ற வரியையும் சேர்த்து. பழைய தாள் இன்னும் எங்கெங்கே சுற்றிக்கொண்டிருக்கிறதோ தெரியாது.

தேர்வு முடிவு வந்த காலையில் பள்ளி அலுவலகக் கணினி முன்னால் உட்கார்ந்து, பதினோரு எண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன். பத்துப் பேர் தேறியிருந்தார்கள். ஒருத்தி இரண்டு பாடங்களில் போயிருந்தாள். அவளுக்குக் கணக்குப்பதிவியலில் முப்பது. எத்தனை கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அந்த ஒரு மதிப்பெண்ணால் அவள் தேறியிருக்க மாட்டாள். இருந்தாலும் துணைத்தேர்வு முடிகிறவரை அவளைத் தினமும் வரச்சொல்லி உட்கார வைத்தேன். வேடசந்தூர்ப் பிள்ளைக்கு எழுத்தில் இருபத்தைந்து, அகமதிப்பீட்டில் பத்து. முப்பத்தைந்து.

அவள் அன்றே வந்தாள், கையில் ஒரு சின்ன டப்பாவில் அல்வாவோடு. "பாஸாயிட்டேன் டீச்சர். கொடிதான் காப்பாத்துச்சு."

சும்மா இருந்திருக்கலாம். அல்வாவை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். முடியவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, வினாத்தாளை எடுத்து அடைப்புக்குறியைக் காட்டினேன்.

"கொடி காப்பாத்தலடி. கொடிதான் உன்னையக் கவுக்கப் பாத்துச்சு. நான் சொல்லிக் குடுத்தது தப்பு. இங்க பாரு, முதல் படியிலதான் நட்டிருக்கணும்."

அவள் குனிந்து பார்த்தாள். ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை.

"தெரியும் டீச்சர்" என்றாள். "அன்னைக்கே பாத்தேன். மொதல்ல முதல் படியிலதான் நட்டேன். அப்புறம் அழிச்சுட்டேன்."

"ஏண்டி அழிச்ச?"

நான் கேட்டது அவளுக்குப் புரியாததுபோல என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டாம் படினு சொல்லிருந்தீங்கள்ல டீச்சர். கேள்வித்தாள்ல தப்பா அச்சடிச்சுட்டாங்கனு நெனச்சேன்."